ஓட்டல் சாவி அட்டையும் ஓர் ஆடிட் அறிக்கையும்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் விசிட்டா என்றொரு நகரம். போயிங் 737 மேக்ஸ் விமானங்களின் உடற்கூட்டை ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் அங்கேதான் செய்து போயிங்குக்கு அனுப்பிவந்தது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ. ஆறு வாரம் நீண்ட ஓர் ஆடிட்டை நடத்தியது. போயிங், ஸ்பிரிட் இரண்டும் அதில் அடக்கம். ஸ்பிரிட்டின் வேலைத்தளத்தில் ஆடிட்டர்கள் கண்ட காட்சிகளில் ஒன்று, கதவின் சீல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தொழிலாளர்கள் ஓட்டல் அறையின் சாவி அட்டையைப் பயன்படுத்தியது. மற்றொன்று, சீலைப் பொருத்தும்போது வழுக்கிக்கொண்டு போவதற்காக, பாத்திரம் கழுவும் டான் சோப்புத் திரவத்தைத் தடவியது. பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டார்கள்.

அந்த ஆண்டு மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டதும் உலகமே சிரித்தது. நிறுவனம் பதில் சொன்னது: இது அலட்சியம் இல்லை, தொழிலாளர்கள் கண்டுபிடித்த நல்ல உத்தி. வாசலின், சோளமாவு, டால்கம் பவுடர் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, சீலைக் குறைவாகப் பாதிப்பது டான்தான் என்று தேர்ந்தெடுத்தோம் என்றது. அந்த விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். சோப்பு நல்ல சோப்பாக இருக்கலாம், அட்டையும் உதவியாகவே இருந்திருக்கலாம்.

ஆனால் அட்டை நல்லதா கெட்டதா என்பது ஆடிட்டர் கேட்கும் முதல் கேள்வி இல்லை. எஃப்.ஏ.ஏ. ஆவணம் சாவி அட்டையைப் பற்றிச் சொன்னது இவ்வளவுதான்: இப்படிச் செய்யும்படி உற்பத்தி ஆணையில் எங்கும் எழுதப்படவில்லை. சோப்பைப் பற்றிச் சொன்னது வேறு: தொழிலாளி எதைப் பின்பற்ற வேண்டும், எதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதில் எழுதப்பட்ட குறிப்புகள் தெளிவில்லாமல் இருக்கின்றன. ஒன்றில் எழுதியதை மீறிய செயல், மற்றொன்றில் எழுத்திலேயே ஓட்டை. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்ததால் ஒரே மாதிரித் தெரிகின்றன. ஆடிட் அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவருக்கு இரண்டும் வேறு வேறு.

நம் ஊரில் ஓசூர், கோவை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகம் செய்யும் எந்தப் பட்டறைக்குப் போனாலும் 'என்.சி.', 'அப்சர்வேஷன்' என்ற இரண்டு சொற்கள் காதில் விழும். என்.சி. என்றால் இணக்கமின்மை. ஐஎஸ்ஓ 9000 தரநிலை அதற்குத் தரும் விளக்கம் மிகச் சிறியது: ஒரு தேவை நிறைவேறாமல் போவது. அந்தத் தேவை தரநிலையிலிருந்து வரலாம், சட்டத்திலிருந்து வரலாம், வாடிக்கையாளரின் ஒப்பந்தத்திலிருந்து வரலாம், நிறுவனம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட நடைமுறையிலிருந்தும் வரலாம். கடைசியாகச் சொன்னதுதான் பலருக்கும் புரிவதில்லை. "இதை யாரும் எங்களைச் செய்யச் சொல்லவில்லையே, நாங்களாகத்தானே எழுதினோம்" என்று ஒப்பந்ததாரர்கள் குறைப்படுவதுண்டு. நீங்களாக எழுதியதுதான், ஆனாலும் அது தேவையே. அதைக் காட்டித்தான் ஒப்பந்தம் வாங்கியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் நம்பியதும் அந்தத் தாளைத்தான்.

ஆகவே ஓர் என்.சி. நிற்பதற்கு மூன்று கால்கள் வேண்டும். எந்த ஆவணத்தின் எந்தப் பகுதி என்ன கேட்கிறது என்பது முதல் கால். கண்ணால் கண்ட, கையில் எடுத்துக் காட்டக்கூடிய சான்று இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி என்ன என்பது மூன்றாவது. ஒரு கால் இல்லாவிட்டாலும் அது விழுந்துவிடும். சான்றிதழ் தரும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஐஎஸ்ஓ 17021 தரநிலை இதைத் தெளிவாகவே கேட்கிறது. இணக்கமின்மையை ஒரு குறிப்பிட்ட தேவைக்கு எதிராகவே பதிய வேண்டும், சான்றை விவரமாகச் சொல்ல வேண்டும், காரணம் இதுதான், தீர்வு இதுதான் என்று ஆடிட்டர் யோசனை சொல்லக் கூடாது.

சாவி அட்டை விஷயத்தையே எடுத்து, ஒரு வழக்கமான தர ஆடிட்டில் அது எப்படி எழுதப்படும் என்று பார்ப்போம். இது எஃப்.ஏ.ஏ. எழுதிய வாசகம் இல்லை, நான் எழுதிக் காட்டும் மாதிரி. அவசரக்கார ஆடிட்டர் ஒருவர் இப்படி எழுதிவிட்டுப் போவார்: 'கதவு சீல் சோதனையில் முறையற்ற கருவி பயன்படுத்தப்படுகிறது. தொழிலாளர்களுக்குப் பயிற்சி தேவை.' இதில் முறை எது என்று இல்லை. எந்தக் கதவு, எந்த நாள், எந்த ஆணை என்று இல்லை. கடைசி வாக்கியம் தீர்வை வேறு சொல்லிவிடுகிறது. ஒப்பந்ததாரர் மறுநாளே பத்துப் பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, கையெழுத்து வாங்கி, 'பயிற்சி அளிக்கப்பட்டது' என்று பதில் அனுப்பி முடித்துவிடுவார்.

சரியாக எழுதினால் இப்படி இருக்கும்: 'தேவை: நிறுவனத்தின் உற்பத்திக் கட்டுப்பாட்டு நடைமுறைப்படி, உற்பத்தி ஆணையில் குறிப்பிட்ட கருவியையும் முறையையும் கொண்டே சோதனை செய்ய வேண்டும். சான்று: இன்ன தேதியில், இன்ன எண்ணுள்ள உடற்கூட்டில், இன்ன ஆணையின் இன்ன படியில், கதவு சீலின் இடைவெளி ஒரு பிளாஸ்டிக் ஓட்டல் அட்டையால் சோதிக்கப்பட்டது. அந்த ஆணையில் இந்தக் கருவி குறிப்பிடப்படவில்லை. நிறுவனத்தின் கருவிப் பட்டியலிலும் இல்லை. இணக்கமின்மை: அனுமதிக்கப்படாத கருவியைக் கொண்டு தரச் சோதனை செய்யப்பட்டது.' இதில் தொழிலாளியின் பெயர் வரக் கூடாது. கோபமும் பரிகாசமும் கூடாது. படிப்பவர் யாராக இருந்தாலும் அதே இடத்துக்குப் போய் அதே தாளை எடுத்து ஆம் இல்லை என்று சொல்ல முடிய வேண்டும்.

அட்டை நன்றாகத்தானே வேலை செய்தது, அதைப் போய்க் குறை என்று எழுதுவானேன் என்று தோன்றலாம். ஏ.டி.எம். கார்டு அளவுள்ள அட்டைகளின் தடிமன் பொதுவாக 0.76 மில்லிமீட்டர். இந்தக் குறிப்பிட்ட அட்டை எத்தனை தடிமன் என்று யாராவது அளந்தார்களா? ஆறு மாதம் தேய்ந்த பிறகு எத்தனை இருக்கும்? அடுத்த ஷிப்டில் வருபவரிடம் வேறு ஓட்டலின் அட்டை இருந்தால் என்ன ஆகும்? அட்டை நுழைந்தால் குறையா, நுழையாவிட்டால் குறையா, எவ்வளவு அழுத்தித் தள்ளலாம் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? பட்டறைகளில் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜுக்கு எண் உண்டு, அளவீட்டுச் சான்று உண்டு, அது காலாவதியாகும் தேதி உண்டு. அட்டைக்கு எதுவும் இல்லை. அந்தத் தொழிலாளி திறமைசாலியாகவே இருக்கலாம். அந்தத் திறமை அவரோடு வீட்டுக்குப் போய்விடும், விமானம் முப்பது ஆண்டு பறக்கும்.

இப்போது சோப்பு. இங்கே தொழிலாளி எதை மீறினார்? எழுத்திலேயே தெளிவில்லை என்றால் அவர் மீறியதாகச் சொல்ல முடியாது. அனுபவமில்லாத ஆடிட்டர் இந்த இடத்தில் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார். 'விமானத்தில் சோப்பா!' என்று அதிர்ச்சியடைந்து, தேவை எது என்று காட்ட முடியாத ஓர் என்.சி.யை எழுதிவிடுவார், ஒப்பந்ததாரர் அதை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிடுவார். அல்லது, மீறல் இல்லையே என்று அப்சர்வேஷனாக எழுதிவிட்டு நகர்வார்.

தேர்ந்தவர் ஒரு படி மேலே ஏறிப் பார்ப்பார். நிறுவனத்தின் நடைமுறை தெளிவில்லாதது என்றால், அந்த நடைமுறை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கும் ஆவணம் எது? ஐஎஸ்ஓ 9001-இன் 8.5.1 பிரிவு, உற்பத்தி கட்டுப்பாட்டுக்குள் நடக்க வேண்டும் என்கிறது. பொருளின் பண்புகள், செய்ய வேண்டிய வேலைகள், கிடைக்க வேண்டிய முடிவு ஆகியவற்றைச் சொல்லும் ஆவணங்கள், பொருந்தும் இடங்களில், வேலை செய்பவர் கைக்கு எட்ட வேண்டும் என்கிறது. விமானத் தொழிலுக்கான ஏஎஸ் 9100 தரநிலையும் இதை உள்ளடக்கியதே. இரண்டு தொழிலாளர்கள் ஒரே குறிப்பைப் படித்துவிட்டு, ஒருவர் சோப்பை மூன்று முறை துடைக்கிறார், இன்னொருவர் ஒரு முறை துடைக்கிறார், இருவரும் எதையும் பதியவில்லை என்று ஆடிட்டர் கண்டால், அங்கே உறுதியான சான்று இருக்கிறது. அப்போது என்.சி. எழுதலாம். ஆனால் அது தொழிலாளிமேல் இல்லை, அந்தக் குறிப்பை எழுதி ஒப்புதல் தந்த பிரிவின்மேல். அப்படி எதுவும் காணவில்லை, வாசகம் மட்டும் குழப்பமாக இருக்கிறது, ஆனால் எல்லோரும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள், முடிவும் சரியாக வருகிறது என்றால் அது அப்சர்வேஷன். 'இதுவரை பிசகவில்லை, ஆனால் புதிதாக ஒருவர் வந்தால் பிசக இடம் இருக்கிறது' என்ற எச்சரிக்கை.

இதுதான் அப்சர்வேஷனின் உண்மையான இடம். தேவை மீறப்படவில்லை, ஆனால் மீறப்படக்கூடிய நிலை கண்ணுக்குத் தெரிகிறது. அளவீட்டுச் சான்று முடிய நான்கு நாள்தான் இருக்கிறது, புதுப்பிக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை என்றால் அது அப்சர்வேஷன். சான்று நேற்றே முடிந்துவிட்டது, இன்று அந்தக் கருவியால் அளந்திருக்கிறார்கள் என்றால் என்.சி. இடையில் இருப்பது ஐந்தே நாள். ஆனாலும் கோடு கோடுதான். பதிவேட்டைக் கையால் எழுதுகிறார்கள், கணினியில் போட்டால் நல்லது என்று ஆடிட்டருக்குத் தோன்றினால் அது அவருடைய சொந்த விருப்பம். அதை முன்னேற்ற யோசனையாகச் சொல்லலாம், குறையாக எழுதக் கூடாது. ஆடிட்டரின் ருசி தேவை ஆகிவிடாது.

தொல்லை வருவது மறுபக்கத்திலிருந்து. ஆடிட் முடியும் நாள் மாலை, நிறைவுக் கூட்டத்துக்குச் சற்று முன்னால், தேநீர் வரும். தர மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், இதை மட்டும் அப்சர்வேஷனா போட்டுருங்க சார். நாங்க கண்டிப்பா சரி பண்ணிடுறோம்" என்பார். அவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை. என்.சி. வந்தால் குறித்த நாளுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்து எழுத வேண்டும், திருத்த நடவடிக்கை எடுக்க வேண்டும், அது பலித்ததா என்று காட்ட வேண்டும். வாடிக்கையாளருக்குத் தெரியும், மேலிடத்தில் கேள்வி வரும். அப்சர்வேஷனுக்கு இந்தக் கட்டாயம் பெரும்பாலும் கிடையாது. பல இடங்களில் அது அடுத்த ஆடிட் வரை கோப்பிலேயே தூங்கும். வித்தியாசம் இவ்வளவு இருக்கும்போது பேரம் நடக்கத்தான் செய்யும்.

இந்த இடத்தில் இளகும் ஆடிட்டர் கருணை காட்டுவதாக நினைத்துக்கொள்வார். நான் அதைக் கருணை என்று ஏற்க மாட்டேன். தேவையும் சான்றும் இடைவெளியும் கையில் இருக்கும்போது அதை அப்சர்வேஷன் என்று எழுதுவது பொய்ப்பதிவு. இணக்கமின்மையை முன்னேற்ற வாய்ப்பு என்று பதியக் கூடாது என ஐஎஸ்ஓ 17021 வெளிப்படையாகவே தடுக்கிறது. இளகுவதற்கு அவருக்கு வேறு இடம் இருக்கிறது. அது என்.சி.யின் கனம்.

என்.சி.யில் மேஜர், மைனர் என்று இரண்டு வகை. தர அமைப்பு எதிர்பார்த்த பலனைத் தரும் என்ற நம்பிக்கையையே குலைப்பது மேஜர். அந்த அளவுக்குப் போகாத தனித்த பிசகு மைனர். ஒரே ஒரு தொழிலாளி, ஒரே ஒரு நாள், ஓர் அட்டை என்றால் மைனராக நிற்கலாம். மூன்று ஷிப்டிலும் மேற்பார்வையாளர் கண்முன்னே நடக்கிறது, யாருக்கும் அது புதிதாகப் படவில்லை என்றால் கதை வேறு. அதே அட்டைதான். இப்போது அது காட்டுவது, எழுதிய முறை ஒன்றாகவும் நடக்கும் முறை வேறாகவும் அந்த இடம் முழுவதுமே ஓடுகிறது என்பதை. சிறு பிசகுகள் பல ஒரே திசையைக் காட்டினால் அவற்றைச் சேர்த்து மேஜராக்க ஆடிட்டருக்கு உரிமை உண்டு. எஃப்.ஏ.ஏ. ஸ்பிரிட்டில் நடத்திய 13 சோதனைகளில் 7-இல் நிறுவனம் தேறவில்லை என்றும், போயிங்கில் 89 சோதனைகளில் 33-இல் தேறவில்லை என்றும் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இந்த எண்களைப் பார்த்துவிட்டு ஒரு தொழிலாளியின் சட்டைப்பையில் குறை தேடுவதில் பொருளில்லை.

பதில் எழுதும் கட்டத்தில் இன்னொரு குழப்பம் வரும். அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் போடுவது உடனடித் திருத்தம். அந்த அட்டையால் சோதித்த கதவுகளையெல்லாம் மறுபடி சோதிப்பதும் அதில் சேரும். பலரும் இதை மறந்துவிடுவார்கள். ஆனால் அட்டை ஏன் அவர் கைக்கு வந்தது? அந்த வேலைக்கு உகந்த கருவியை யாரும் தரவில்லை என்பதால் இருக்கலாம். தந்த கருவி வளைந்த இடத்தில் நுழையாததால் இருக்கலாம். அந்தக் காரணத்தை நீக்குவதுதான் திருத்த நடவடிக்கை. அட்டை உண்மையிலேயே உதவியது என்றால், அதே தடிமனில் ஒரு கருவியைச் செய்து, சோதித்து, அனுமதி வாங்கி, எண் போட்டு, உற்பத்தி ஆணையில் ஏற்றுவதே நியாயமான பதில். தொழிலாளியின் மூளைக்கு அது மரியாதையும் கூட. பயிற்சி அளித்தோம் என்பது மட்டும் பதிலாக வந்தால் ஆடிட்டர் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இந்த ஆடிட்டே ஏன் நடந்தது என்பதில்தான் அப்சர்வேஷனுக்கும் என்.சி.க்கும் உள்ள விலை தெரிகிறது. 2024 ஜனவரி 5 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் புத்தம்புது 737 மேக்ஸ் 9 விமானம் போர்ட்லாந்திலிருந்து 177 பேருடன் கிளம்பியது. சில நிமிடங்களில், சுமார் 16,000 அடியை நெருங்கும்போது, பயன்படாத அவசரக் கதவின் இடத்தை அடைக்கும் பலகை பிய்த்துக்கொண்டு போனது. நல்வேளையாக யாரும் இறக்கவில்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்.டி.எஸ்.பி. விசாரித்ததில், பலகையை நிறுத்திப் பிடிக்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் போடப்படவே இல்லை என்று தெரிந்தது. விசிட்டாவிலிருந்து வந்த உடற்கூட்டில் சில ரிவெட்டுகள் சேதமாகியிருந்தன. 2023 செப்டம்பரில் போயிங்கின் ரென்டன் ஆலையில் அவற்றைச் சரிசெய்யப் பலகையைத் திறந்தார்கள். போயிங்கின் நடைமுறைப்படி, பொருத்திய பாகத்தைக் கழற்றினால் அதற்கென்று ஒரு பதிவு எழுத வேண்டும். அந்தப் பதிவு எழுதப்படவில்லை. பதிவு இருந்திருந்தால், மூடிய பிறகு தர ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்திருப்பார். பதிவு இல்லாததால், திறந்தது நடக்காத காரியம் ஆகிவிட்டது.

பதிவேட்டில் ஒரு வரி விடுபட்டிருப்பதை ஆடிட்டர் என்.சி. என்று எழுதும்போது, 'தாளுக்காகச் சண்டை போடுகிறார்' என்று முணுமுணுப்பவர்கள் இந்த நான்கு போல்ட்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாள்தான் ஆய்வாளரை அந்த இடத்துக்கு அழைக்கும் மணி.

2025 ஜூனில் என்.டி.எஸ்.பி. தன் இறுதி முடிவைச் சொன்னபோது, பாகங்களைக் கழற்றும் நடைமுறையைத் தொழிலாளர்கள் தொடர்ந்து பின்பற்றும்படி போதிய பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் போயிங் தரவில்லை என்பதையே காரணமாக வைத்தது. அதோடு இன்னொன்றையும் சொன்னது: அந்த நடைமுறை தெளிவாகவும் சுருக்கமாகவும் எளிதாகவும் இல்லை. அதிலுள்ள குறைகள் குறைந்தது பத்து ஆண்டுகளாகவே தெரிந்தவை, எடுத்த திருத்த நடவடிக்கைகள் பலிக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்த இந்தப் பிசகை எஃப்.ஏ.ஏ.யின் மேற்பார்வையும் அடையாளம் காணத் தவறியது.

இதைப் படித்தபின் எந்த ஆடிட் அறிக்கையையும் தனியாக வாசிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஒரே ஆண்டின் தாளில் அது ஒரு மைனராகத்தான் தெரியும். போன ஆண்டிலும் அதற்கு முந்தைய ஆண்டிலும் அதே பிரிவில் அதே வகைக் குறை வந்து, ஒவ்வொரு முறையும் 'முடிக்கப்பட்டது' என்று முத்திரை விழுந்திருந்தால், அங்கே முடிந்தது குறை இல்லை, கோப்பு. அப்போது எழுத வேண்டிய என்.சி. திருத்த நடவடிக்கை பற்றிய 10.2 பிரிவின்மேல். தொழிற்சாலைத் தளத்தை விட்டுவிட்டு, அந்த முத்திரையைக் குத்திய அறைக்குள் போக வேண்டும்.

ஒப்பந்ததாரரிடம் வேலை வாங்கும் நிலையில் நீங்கள் இருந்தால், அது பள்ளிக் கட்டடமாகட்டும், மருத்துவமனைக் கருவியாகட்டும், அறிக்கை கைக்கு வந்ததும் என்.சி. எத்தனை என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். அப்சர்வேஷன் பகுதியைத் திறந்து, ஒவ்வொன்றின் எதிரேயும் எந்த ஆவணத்தின் எந்தத் தேவை என்று எழுதச் சொல்லுங்கள். எழுத முடிந்து, அதை மீறியதற்குச் சான்றும் அங்கேயே இருந்தால், அந்தப் பக்கத்தைத் திருப்பி அனுப்பி என்.சி.யாகக் கேட்டு வாங்குங்கள். முந்தைய மூன்று அறிக்கைகளையும் சேர்த்துத் தரும்படி கேளுங்கள்.